நிலம் எடுப்பு அறிவிக்கையை ஊராருக்குப் புரியும்படி மாற்றி எழுத வேண்டும், கடைசி நாள் எது?

ஏரிக்கரை:

வணக்கம். எங்கள் ஊர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையை இருவழியிலிருந்து நான்கு வழியாக அகலப்படுத்தப் போகிறார்கள். நிலம் எடுப்பதற்காக, தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவின் கீழான அறிவிக்கை மார்ச் 4 தேதியிட்ட மத்திய அரசிதழில் வந்திருக்கிறது. தமிழ் நாளிதழில் நேற்று, மார்ச் 15 அன்றுதான் வந்தது. ஊராட்சி அலுவலகப் பலகையில் அந்தப் பக்கத்தை ஒட்டியிருக்கிறார்கள். நின்று படித்தவர்கள் யாருக்கும் அடுத்து என்ன செய்வது என்று விளங்கவில்லை. ஒரே பக்கத் துண்டறிக்கையாக எழுதித் தரும்படி ஊராட்சித் தலைவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். சாலையோரத்து வீடு, கடை எல்லாவற்றுக்கும் கொடுக்கப் போகிறோம்.

அறிவிக்கையில் முக்கியமான வாக்கியம் இது:

"மேற்படி நிலத்தில் அக்கறையுள்ள எவரும், இவ்வறிவிக்கை அரசிதழில் வெளியிடப்பட்ட நாளிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள், மேற்சொன்ன நோக்கத்திற்காக அந்நிலம் பயன்படுத்தப்படுவதற்கு, மேற்படி சட்டத்தின் பிரிவு 3சி, உட்பிரிவு (1)-இன் கீழ் ஆட்சேபனை தெரிவிக்கலாம்."

நான் எழுதியது:

"நமது ஊர்ச் சாலை அகலப்படுத்தப்பட உள்ளது. இது குறித்துப் பொதுமக்கள் தங்கள் கருத்துகளை 21 நாட்களுக்குள் உரிய அலுவலகத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

இதை என் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "எந்த ஆபீசு, என்னைக்கு வரைக்கும், நான் என்னன்னு எழுதணும்?" என்று கேட்டார். மூன்றுக்கும் என் வரைவில் பதில் இல்லை. எப்படி மாற்றலாம்?

கடைத்தெரு:

பத்திரிகையில் வந்தால்தானே மக்களுக்குத் தெரியும்? எங்கள் பக்கம் பத்திரிகை வந்த நாளிலிருந்து எண்ணித்தான் மனு வாங்கினார்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கு ஏப்ரல் 5 வரை நேரம் இருக்கிறது. தேதியை மட்டும் சேர்த்துவிட்டால் போதும், மற்றபடி உங்கள் வரைவு நன்றாகத்தான் இருக்கிறது.

செங்காந்தள்:

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவார்களே, அதில் போய்ப் பேசினால் ஆகாதா? எங்கள் மாவட்டத்தில் கல்யாண மண்டபத்தில் வைத்து நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் மைக்கில் பேசலாம். அந்தத் தேதியைக் கேட்டுப் போடுங்கள்.

பழைய நிலஎடுப்பு:

தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் நில எடுப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் தேதியைத் தீர்த்துக்கொள்வோம், மற்றதெல்லாம் அப்புறம்.

ஏப்ரல் 5 என்று அச்சடித்துவிடாதீர்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 21 நாள் கணக்கு 3ஏ அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, அது அரசிதழ் நாள். நாளிதழில் சாராம்சம் போட வேண்டும் என்பது தனி உட்பிரிவு. "நாளிலிருந்து" என்றால் அந்த நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். மார்ச் 5 முதல் நாள், மார்ச் 25 இருபத்தொன்றாம் நாள். கடைத்தெரு சொல்வதுபோல் சில அதிகாரிகள் தாமதமாக வந்ததையும் வாங்கிக்கொள்வது உண்டு. பத்திரிகையில் தாமதமாகப் போட்டதைக் காரணம் காட்டி வழக்கறிஞர் வாதாடவும் செய்யலாம். ஆனால் அது தேதி தவறிப்போனவருக்கான வழி. துண்டறிக்கையை நம்பி ஏப்ரல் 2-ஆம் தேதி மனுவோடு போகிறவரை அந்த வாதத்தில் இழுத்துவிடக் கூடாது.

அதனால் "21 நாட்களுக்குள்" என்ற சொற்களையே எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு நாளிலிருந்து எண்ணுவார்கள். "கடைசி நாள் மார்ச் 25" என்று பெரிய எழுத்தில் முதல் வரியிலேயே போடுங்கள். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

அடுத்தது, "பொதுமக்கள் கருத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். 3சி அப்படிப்பட்டது இல்லை. நிலத்தில் அக்கறை உள்ளவர், எழுத்து மூலம், காரணத்தோடு கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தவருக்கு நேரில் அல்லது வழக்கறிஞர் மூலம் சொல்ல வாய்ப்புக் கொடுத்து விசாரித்த பிறகுதான் அதிகாரி ஏற்கிறார் அல்லது தள்ளுகிறார். அந்த உத்தரவு இறுதியானது. செங்காந்தள் சொல்லும் கூட்டம் சுற்றுச்சூழல் அனுமதிக்கானது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்போடு தனி விளம்பரம் வரும், எல்லா அகலப்படுத்தும் வேலைக்கும் அது கிடையாது. அங்கே மைக்கில் பேசியது 3சி ஆட்சேபனையாகப் பதிவாகாது.

நான்காம் வார்டு:

எங்கள் வீட்டு அனுபவம். அப்பா கொடுத்த மனுவில் ஒரு பக்கம் முழுக்க "சென்ட்டுக்கு இவ்வளவு தர வேண்டும்" என்றுதான் இருந்தது. விசாரணையில் "இது இழப்பீடு பற்றியது, இப்போது வராது" என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். எங்கள் கிணறு எடுப்புக்குள் வருவதையும், எதிர்ப்பக்கம் புறம்போக்கு காலியாகக் கிடப்பதையும் அதில் எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தயவுசெய்து உங்கள் துண்டறிக்கையில் இதைச் சேருங்கள்.

பழைய நிலஎடுப்பு:

மிகச் சரி தம்பி, நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். இந்தக் கட்டத்தில் கேள்வி, இந்த நிலத்தைச் சாலைக்குப் பயன்படுத்தலாமா என்பது மட்டும்தான். இழப்பீட்டுக்கு 3ஜி பிரிவில் பிறகு தனி அறிவிப்பு வந்து உரிமை கோரக் கூப்பிடுவார்கள். எனவே எதை எழுதலாம் என்பதற்கு உதாரணம் கொடுங்கள். கிணறு, வீட்டின் தாங்கு சுவர், ஒரு பக்கமே அதிகமாக எடுப்பது, புல எண்ணோ பரப்போ தப்பாக இருப்பது, இவை போதும்.

இன்னொன்று, அட்டவணையைக் கவனியுங்கள். 3ஏ அட்டவணையில் பெரும்பாலும் பெயர் இருக்காது, புல எண்ணும் பரப்பும்தான் இருக்கும். பரப்பு ஹெக்டேரில் இருக்கும். "0.0120" என்று பார்ப்பவர் ஒன்றுமில்லை என்று நினைத்துப் போய்விடுவார். அது 120 சதுர மீட்டர், கிட்டத்தட்ட மூன்று சென்ட். ஒரு வீடு நிற்கிற இடம். உங்கள் ஊர்ப் புல எண்களை மட்டும் தனியாக எடுத்து, பக்கத்தில் சென்ட்டில் எழுதித் துண்டறிக்கையின் பின்பக்கம் போடுங்கள். சமீபத்தில் உட்பிரிவு ஆன பட்டாவுக்குப் பழைய எண்ணே இருக்கலாம். அதனால் பழைய எண், புது எண் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

மிக்க நன்றி ஐயா. மார்ச் 22 கிராம சபை இருக்கிறது. அதில் தீர்மானம் போட்டு எல்லோருக்கும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று தலைவர் சொல்கிறார். அது போதுமா?

பழைய நிலஎடுப்பு:

தீர்மானம் போடுங்கள், அதனால் நஷ்டம் இல்லை. ஆனால் அதை நம்பித் தனித்தனி மனுவை விட்டுவிடாதீர்கள். விசாரணைக்கு அழைப்பு மனு கொடுத்தவருக்குத்தான் போகும். புல எண் இல்லாத கூட்டு மனுவை வைத்துக்கொண்டு யாரை அழைப்பது என்று அலுவலகத்தில் தடுமாறுவார்கள். கிராம சபை அன்று மேசை போட்டு, வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள், அதுதான் உபயோகம். துண்டறிக்கை அதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

ஏரிக்கரை:

சரி ஐயா, மாற்றி எழுதிவிட்டேன். பாருங்கள்:

"சாலை அகலப்படுத்த உங்கள் நிலம் எடுக்கப்படலாம். ஆட்சேபனை கொடுக்கக் கடைசி நாள்: மார்ச் 25.

பின்பக்கப் பட்டியலில் உங்கள் பட்டாவில் உள்ள புல எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த நிலத்தைச் சாலைக்கு எடுப்பதில் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணம்: கிணறு போகிறது, சாலையின் நம் பக்கம் மட்டும் அதிகமாக எடுக்கிறார்கள், எதிரில் புறம்போக்கு இருக்கிறது, பரப்பு தவறு. உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், புல எண் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பட்டா நகல் இணையுங்கள்.

கொடுக்க வேண்டிய இடம்: தகுதிவாய்ந்த அதிகாரி அலுவலகம் (அறிவிக்கையில் உள்ள முழு முகவரி). நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நில வரைபடத்தையும் அங்கேயே பார்க்கலாம். பிறகு விசாரணைக்கு அழைப்பு வரும், அன்று நேரில் போங்கள்.

நிலத்தின் விலை பற்றி இப்போது எழுத வேண்டாம். அதற்குத் தனி அறிவிப்பு பின்னால் வரும்.

இது ஊராட்சி வெளியிடும் விளக்கம். சட்டப்படியான அறிவிக்கை மார்ச் 4 அரசிதழில் உள்ளது."

அத்தையிடம் மறுபடி படித்துக் காட்டினேன். அவர் கேட்டது, "தபால்ல அனுப்பலாமா?" அதையும் சேர்க்கட்டுமா?

பழைய நிலஎடுப்பு:

சேருங்கள். ஆனால் "மார்ச் 25-க்குள் அலுவலகத்தில் கிடைக்க வேண்டும்" என்று எழுதுங்கள், "அனுப்ப வேண்டும்" என்று எழுதாதீர்கள். ஒப்புகையோடு அனுப்பினால்தான் கையில் ஆதாரம் இருக்கும். அறிவிக்கையில் மின்னஞ்சல் முகவரி இல்லாவிட்டால் மின்னஞ்சலை மட்டும் நம்ப வேண்டாம். கடைசி வரி நன்றாக இருக்கிறது, அது கட்டாயம் இருக்கட்டும். "விலை பற்றி எழுத வேண்டாம்" என்பதை மட்டும் "விலை பற்றி எழுதினால் இப்போது எடுத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று மாற்றுங்கள். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்வதுபோல் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

செங்காந்தள்:

நிலம் எடுபடாதவர்களுக்கு? பள்ளிக்கூடத்துக்கு எதிரில் நடுத்தடுப்பில் வழி விடுவார்களா, மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று கேட்க வேண்டியது ஊரே அல்லவா?

பழைய நிலஎடுப்பு:

நல்ல கேள்வி. அவை 3சி-யில் வராது. நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்குத் தனி மனுவாகக் கொடுங்கள், நகலை ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். கிராம சபைத் தீர்மானத்துக்கு உண்மையான வேலை இதில்தான் இருக்கிறது. ஆனால் ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள், மார்ச் 25 என்ற தேதி மங்கிப்போகும்.

கடைத்தெரு:

மார்ச் 25-ஐயே போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நான் வாடகைக் கடைக்காரன். பட்டா என் பெயரில் இல்லை, கட்டட உரிமையாளர் வெளியூர், அவர் எதுவும் கொடுக்கப் போவதில்லை. "பட்டாவில் உள்ள புல எண்" என்று எழுதினால் என்னைப் போன்றவர்கள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். நாங்கள் அக்கறையுள்ளவர்களா இல்லையா?

பழைய நிலஎடுப்பு:

சட்டத்தில் "அக்கறையுள்ளவர்" என்பதற்கு அந்த இடத்தில் வரையறை இல்லை. சில அதிகாரிகள் வாடகைதாரர் மனுவை வாங்கி விசாரித்திருக்கிறார்கள், சிலர் உரிமையாளர் வரட்டும் என்று திருப்பியிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்த நகலோடு கொடுத்துப் பாருங்கள். உறுதியாக ஏற்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏரிக்கரை:

அப்படியானால் "வாடகைக்கு இருப்பவர்களும் ஒப்பந்த நகலோடு கொடுக்கலாம், ஏற்பது அதிகாரியின் முடிவு" என்று ஒரு வரி சேர்க்கிறேன். நாளைக் காலை அச்சகத்துக்குப் போகிறது. இதே நிலையில் வாடகைதாரர் மனுவுக்கு எழுத்தில் பதில் வாங்கியவர் யாராவது இருந்தால், எந்த மாவட்டம் என்று மட்டும் சொல்லுங்கள்.