கால்குலேட்டரோட சேர்த்து ஜூனியருக்கு குடுத்த லெட்டர்: STAT மோடு அனுபவங்கள்

மெக்அக்கா:
பைனல் இயர் முடிச்சு ரூம காலி பண்றப்போ என்னோட fx-991ES PLUS கால்குலேட்டர டிபார்ட்மெண்ட் ஜூனியர் தம்பி ஒருத்தனுக்கு குடுத்துட்டு வந்தேன். வெறுங்கையா குடுக்க மனசு வரல, ரெண்டு பக்கம் லெட்டர் ஒண்ணு எழுதி கவருக்குள்ள மடிச்சு வச்சேன். அத அப்படியே இங்க போடுறேன், உங்களுக்கும் இந்த மாதிரி அடி விழுந்திருந்தா சொல்லுங்க.

*தம்பி,*

*மொதல்ல இந்த பேப்பர படிச்சதும் கவர்ல இருந்து எடுத்துடு. ஹாலுக்குள்ள இது இருந்துச்சுன்னா மால்பிராக்டீஸ்தான், பறக்கும் படைக்காரங்க "அக்கா எழுதுன லெட்டரா, பரவால்ல"ன்னு விட மாட்டாங்க.*

*ரெண்டாவது செமஸ்டர் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர்ல டி டெஸ்ட் கணக்கு ஒண்ணு. வெளிய வந்து எல்லார்கிட்டயும் சூப்பரா போட்டேன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். மார்க் வந்ததும் சந்தேகமாகி ஆன்சர் ஷீட் போட்டோகாப்பி வாங்கிப் பாத்தா, சராசரி சரி, பார்முலா சரி, டேபிள் வேல்யூ சரி, கடைசி முடிவு மட்டும் தலைகீழ். காரணம் கால்குலேட்டர்ல ஒரே ஒரு நம்பர் தள்ளி அமுக்குனது. 4க்கு பதிலா 3. அத மட்டும்தான் இந்த லெட்டர்ல சொல்லப்போறேன், மத்தத நீயே நோண்டிக் கத்துக்குவ.*

*`MODE` அமுக்கி `3` குடுத்தா STAT வரும், அதுல `1` குடுத்தா `1-VAR`. X-னு ஒரு காலம் வரும். ஒவ்வொரு நம்பரா அடிச்சு `=` குடு. FREQ-னு இன்னொரு காலமும் நின்னுச்சுன்னா பயப்படாத, அது எத்தன தடவன்னு போடுறதுக்கு, தானா 1 விழும். எல்லாம் போட்டு முடிச்சதும் `AC`. டேட்டா அழியாது, ஸ்க்ரீன் மட்டும்தான் காலியாகும், நான் மொத தடவ அழிஞ்சிருச்சுன்னு நெனச்சு திரும்ப முழுசா அடிச்சவ. ஆனா `MODE` அமுக்கி COMP-க்கு போனா நெசமாவே அழிஞ்சிரும், அதனால கணக்கு முடியற வரைக்கும் STAT-லயே இரு, கூட்டல் வகுத்தல் எல்லாம் அங்கயே போடலாம்.*

*இப்ப `SHIFT` `1` குடுத்து `4` (`Var`) போ. 1ல `n`, 2ல சராசரி, 3ல `σx`, 4ல `sx`. இந்த 3க்கும் 4க்கும் நடுவுலதான் நான் விழுந்தேன். ரெண்டுமே ஸ்டாண்டர்ட் டீவியேஷன்தான், `σx` மொத்தத்த `n`-ஆல வகுக்குது, `sx` ஒண்ணு கம்மி பண்ணி `n−1`-ஆல வகுக்குது. வித்தியாசம் கொஞ்சூண்டு தானேன்னு தோணும். இந்தக் கணக்க போட்டுப் பாரு.*

*பாக்கெட் எடை 500 கிராம்னு கம்பெனி சொல்லுது, எட்டு பாக்கெட் எடுத்து நிறுத்தா 482, 512, 492, 472, 502, 462, 492, 482. அவங்க சொல்றது சரியா, 5% லெவல்ல பாரு. சராசரி 487, அதாவது 13 கிராம் கம்மி. `σx` சரியா 15 காட்டும், `sx` 16.04 கிட்ட காட்டும்.*

*நான் என்ன பண்ணேன்னா 15அ எடுத்து √8ஆல வகுத்தேன், 5.303. 13அ அதால வகுத்தா 2.451. டேபிள்ல 7 டிகிரி ஆஃப் ஃப்ரீடம், ரெண்டு பக்கம் 5%, 2.365. நம்மளது பெருசு, ஆக கம்பெனி சொல்றது தப்புன்னு எழுதிட்டேன். சரியான வழி 16.04அ √8ஆல வகுக்கணும், 5.669, t வந்து 2.293 (சராசரி 500 விட கம்மிங்கறதால மைனஸ் குறியோட வரும், டேபிளோட ஒப்பிடும்போது குறிய விட்டுடு). டேபிள விட சின்னது, ஆக கம்பெனி சொல்றத மறுக்க நம்மகிட்ட ஆதாரம் இல்ல. ஒரு பட்டன்ல மொத்த முடிவும் மாறிடுச்சு பாத்தியா.*

*இதுல இன்னொரு கூத்து இருக்கு. நம்ம ஊரு புக்குல பாதியில பார்முலாவே √(n−1) போட்டிருக்கும். அது தப்பில்ல, அங்க அவங்க வச்சிருக்கிறது `σx`. 15அ √7ஆல வகுத்துப் பாரு, அதே 5.669 வரும். ஆக ஜோடி மாறக்கூடாது, அவ்வளவுதான். `sx` எடுத்தா √n, `σx` எடுத்தா √(n−1). எத எடுத்தோம்னு சந்தேகம் வந்தா ரெண்டையும் எடுத்துப் பாரு, பெருசா இருக்கறதுதான் `sx`.*

*அப்புறம் எத அமுக்குறதுக்கு முன்னாடியும் `n`அ பாரு. எட்டு பாக்கெட்டுன்னா 8 காட்டணும். காட்டலன்னா மேல போகாத.*

*அக்கா*

கடைசிபெஞ்ச்:
இவ்வளவு யோசிக்கவே வேணாம்க்கா. நான் எப்பவுமே `sx`தான், கண்ண மூடிட்டு. 4 4 4. ஒரு தடவ கூட மாத்துனதில்ல, பாஸ் ஆயிட்டேன்.

சாக்பீஸ்:
கண்ண மூடிட்டு போறதுலதான் சிக்கல் தம்பி. நான் இந்த பேப்பர பாடம் நடத்துறவன், திருத்துறவன். ஒரு சாம்பிள் டி டெஸ்ட்டுக்கு உங்க வழி சரி. ரெண்டு சாம்பிள் வந்தா? நம்ம பசங்க படிக்கிற பார்முலாவுல மேல `n₁s₁² + n₂s₂²`-னு இருக்கும், கீழ `n₁+n₂−2`. அந்த s வந்து `n`-ஆல வகுத்தது, அதாவது உங்க கால்குலேட்டர்ல 3. ஏன்னா `n`-ஆல பெருக்குனா திரும்ப வெறும் ஸ்கொயர் கூட்டல் கெடைக்கணும். நீங்க 4அ எடுத்து அங்க போட்டா கூட்டல் வீங்கிடும். 4தான் வேணும்னா `(n₁−1)`, `(n₂−1)`-ஆல பெருக்கணும். எஃப் டெஸ்ட்டுல மட்டும் நீங்க தப்பிச்சீங்க, அங்க `sx` ஸ்கொயர நேரா போடலாம், பெருச மேல வச்சு.

கடைசிபெஞ்ச்:
சார்... ரெண்டு சாம்பிள் கணக்குல எனக்கு ஏன் ஆன்சர் எப்பவும் புக்கோட கொஞ்சம் தள்ளியே வந்துச்சுன்னு இப்பதான் புரியுது. நான் புக்குலதான் பிரிண்டிங் மிஸ்டேக்னு நெனச்சு பென்சில்ல திருத்தி வேற வச்சிருக்கேன், அந்த புக்க ஜூனியருக்கு வித்துட்டேன் வேற 😬

பழையMS:
எங்கிட்ட இருக்கறது அண்ணன் வச்சிருந்த fx-991MS. இதுல காலமெல்லாம் வராது. `MODE` ரெண்டு தடவ அமுக்கி `1`, அது SD மோடு. நம்பர அடிச்சு `M+` அமுக்கணும், அதுதான் DT. ஒவ்வொரு தடவையும் `n=` எத்தனன்னு காட்டும். `SHIFT` `2`ல 2 வந்து `xσn`, 3 வந்து `xσn-1`. அக்கா சொன்ன 3, 4 இதுல 2, 3 ஆயிடும், பக்கத்து பெஞ்ச் ஆளு "3 அமுக்குடா"ன்னு சொன்னத கேட்டு அமுக்குனா வேற ஒண்ணு வரும், அனுபவத்துல சொல்றேன்.

என் கத வேற. இன்டர்னல் எக்ஸாம்ல மொத கணக்கு பத்து நம்பர், ரெண்டாவது கணக்கு ஆறு நம்பர். பழச அழிக்காம ரெண்டாவத போட்டேன். மொத நம்பர் போட்டதுமே `n= 11`னு காட்டிச்சு, நான் அத பாக்கவே இல்ல, பேப்பரதான் பாத்துக்கிட்டு அடிச்சேன். டேட்டால எல்லாம் இருவதுக்குள்ள இருக்கு, சராசரி 43. அத அப்படியே எழுதிட்டு வந்தவன் நான். `SHIFT` `MODE` `1` `=` குடுத்தா `Scl`, அழிஞ்சிரும். இப்ப ஒவ்வொரு கணக்குக்கும் முன்னாடி செருப்பு கழட்டற மாதிரி அத பண்ணிட்டுதான் உள்ள போறேன்.

காமர்ஸ்கமலி:
நான் பி.காம், எங்களுக்கு டி டெஸ்ட் இல்ல, ரெக்ரஷன்தான். `MODE` `3` `2` போட்டு `A+BX` எடுத்தேன். நான் என்ன நெனச்சேன்னா A-னா மொதல்ல வர்றது, அதான் x பக்கத்துல இருக்கும்னு. A வந்து தனியா நிக்கிற நம்பர், B தான் x-ஓட ஒட்டிக்கிட்டு வர்றது. ரெண்டையும் மாத்தி எழுதி, அந்தக் கோடு சராசரி புள்ளி வழியாவே போகல, அதையாவது செக் பண்ணியிருக்கலாம். x ஆன் y கேட்டா என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்க, அதுக்கு தனி மோடு இருக்கா?

சாக்பீஸ்:
தனி மோடு இல்லம்மா. X காலத்துல y-ஐயும் Y காலத்துல x-ஐயும் மாத்திப் போடுங்க. `r` மாறாது, மாறுச்சுன்னா எங்கயோ ஒரு நம்பர் தப்பா விழுந்திருக்கு.

மெக்அக்கா:
சார், ஒண்ணு கேக்கணும். டேபிள் போடாம கால்குலேட்டர்ல எடுத்து நேரா எழுதுனா மார்க் குடுப்பீங்களா? எங்க மேடம் x, x² காலம் கட்டாயம் போடணும்னாங்க.

சாக்பீஸ்:
நான்னா `Sum` மெனுல இருக்கற Σx, Σx² ரெண்டையும் எழுதி, பார்முலாவுல போட்டுக் காட்டுனா முழுசா குடுப்பேன். உங்க பாக்கெட் கணக்குக்கு 3896, 18,99,152, இந்த ரெண்டு நம்பர் பேப்பர்ல இருந்தாலே பையன் என்ன பண்ணான்னு தெரிஞ்சிரும். வெறும் 16.04 மட்டும் இருந்தா எனக்கே கை வராது.

பழையMS:
எனக்கு டேபிள் இல்லன்னு கொறச்சாங்க சார், Σ எல்லாம் எழுதியிருந்தேன்.

சாக்பீஸ்:
கொறைக்கிறவங்களும் இருக்காங்க, மறுக்கல. எட்டு பத்து நம்பர்னா டேபிள் போட்டுடறதுதான் சேஃப், கால்குலேட்டர வச்சு கூட்டல சரிபாத்துக்கலாம். கொஸ்டின்லயே "சாம்பிள் எஸ்.டி. இவ்வளவு"ன்னு குடுத்துட்டா அது எந்த s-னு எங்க டிபார்ட்மெண்ட்லயே ரெண்டு கட்சி. நம்ம ஊர் புக்குல பெரும்பாலும் √(n−1) போடுவாங்க. நான் எந்த பார்முலான்னு தெளிவா எழுதியிருந்தா ரெண்டுக்கும் குடுக்கறவன். பக்கத்து டேபிள் சார் குடுக்க மாட்டார்.

ஜூனியர்தம்பி:
அக்கா நான்தான், லெட்டர் கவர்ல இருந்து எடுத்துட்டேன், கவரே வீட்ல வச்சிட்டுதான் போவேன். உங்க பாக்கெட் கணக்க மூணு தடவ போட்டுட்டேன், எனக்கு சராசரி 487.71 வருது. கால்குலேட்டர் பழசாயிடுச்சா?

மெக்அக்கா:
அது ஒண்ணும் பழசாகல. `n` எத்தன காட்டுது?

ஜூனியர்தம்பி:
7

மெக்அக்கா:
கடைசி 482 அடிச்சிட்டு `=` குடுக்காம `AC` அமுக்கியிருக்க. `SHIFT` `1` `2` போ, டேட்டா அங்கயே இருக்கும், எட்டாவது எடம் காலியா இருக்கும் பாரு.

ஜூனியர்தம்பி:
ஆமாக்கா 🤦 487 வந்துருச்சு. 4 அமுக்குனேன், 16.0356.