ஃபெதருக்கு ஒரு தமிழ்ச்சொல்: இறகாக்கமா, ஓரக்கரைவா?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

குடும்பப் படம் ஒன்றை கிம்ப் மென்பொருளில் நீர்வண்ண ஓவியம்போல் மாற்றுவது எப்படி என்று ஒரு செய்முறை எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடவே அதில் வரும் மெனுச் சொற்களையும் தமிழாக்குகிறேன். அடுக்கு, பெருக்கல், தெரிவு என்று பல சொற்கள் தடையில்லாமல் வந்துவிட்டன. Feather என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என் பழைய குறிப்பில் "இறகாக்கம்" என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது படித்தால் எனக்கே என்னவென்று புரியவில்லை.

நான் எடுத்துக்கொண்ட படத்தில் பாட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள், பின்னால் வெளுத்த சுவர். அகலம் 3000 பிக்சல். அடுக்கைப் படியெடுத்து Median Blur மூலம் நுணுக்கங்களைத் துடைத்து, நிறங்களைத் திட்டுத்திட்டாக்கினேன். பிறகு ஒவ்வொருவரையும் தெரிவு செய்து, Feather 40 கொடுத்து, தனித்தனி அடுக்கில் ஒட்டினேன். அடியில் வெள்ளை. எல்லாவற்றுக்கும் மேலே சொரசொரப்பான தாளின் ஸ்கேன், பெருக்கல் முறையில்.

Feather கொடுத்ததும் ஓரம் வெட்டென்று நிற்காமல் மெல்ல மெல்ல மறைவதைப் பார்த்தால் "ஓரம் மென்மையாக்கல்" என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து?

---

சரவணன் எழுதியது:

மலர், இறகாக்கமே இருக்கட்டும். சிறகின் ஓரம் மெலிந்து மெலிந்து காற்றில் முடிவதுபோல நிறம் முடிகிறது என்பதால்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். படம் மனதில் நிற்கும்.

அது வேண்டாம் என்றால் "மங்கல்" என்றே வைத்துவிடலாம். உள்ளே நடப்பது காசியன் மங்கலாக்கம்தான். ஒரே கணக்குக்கு இரண்டு பெயர் எதற்கு?

---

கதிரேசன் எழுதியது:

சரவணன் தம்பி கணக்கைச் சரியாகச் சொன்னார். ஆனால் அந்தக் கணக்கு எதன்மேல் நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மங்கலாக்கம் படத்தின் பிக்சல்களையே மாற்றுகிறது. Feather படத்தைத் தொடுவதே இல்லை, தெரிவின் எல்லையை மட்டும் மாற்றுகிறது. "இந்தப் பிக்சல் உள்ளே, அது வெளியே" என்று வெட்டாக இருந்த எல்லை, முழுக்க உள்ளே, முக்கால், பாதி, கால், வெளியே என்று படிப்படியாகிறது. அதன்பின் நாம் ஒட்டுவதோ அழிப்பதோ அந்த அளவுப்படி நடக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் படிப்பவர் படம் மங்கவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பார்.

அப்படித் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். Feather கொடுத்தபின் ஓடும் புள்ளிக்கோடு ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும், கூர்மூலைகள் மட்டும் கொஞ்சம் உருண்டுவிடும். அந்தக் கோடு "பாதி உள்ளே" என்ற இடத்தை மட்டுமே காட்டுவதால் இப்படி. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு முறை கொடுப்பார்கள், மூன்றும் சேர்ந்துவிடும். Shift+Q அழுத்திப் பாருங்கள். தெரிவுக்கு வெளியே சிவப்புப் படலம் தெரியும், ஓரத்தில் அது எவ்வளவு அகலத்துக்கு மெலிகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே என் பரிந்துரை "ஓரக்கரைவு". மெனுவில் ஏவலாக "ஓரம் கரை". எல்லைதான் கரைகிறது, படம் அல்ல.

மலர்விழிக்கு இன்னொன்று. படத்தைப் பார்த்தேன். நீர்வண்ணம்போல் இல்லை, பனிமூட்டத்தில் நிற்பதுபோல் இருக்கிறார்கள். காரணம் சொல்லிலேயே இருக்கிறது: நீர்வண்ணம் என்றால் எல்லா ஓரமும் மென்மை என்று எடுத்துக்கொண்டீர்கள். தூரிகை பிடித்தவர்களுக்குத் தெரியும், ஈரத் தாளில் வைத்த நிறம்தான் கரைந்து பரவும். காய்ந்த தாளில் வைத்தது ஓரத்தில் வெட்டென்று நிற்கும், அதுமட்டுமல்ல, அந்த ஓரம் நடுவைவிட அடர்ந்திருக்கும். காபித் துளி காய்ந்தால் வளையம் விழுகிறதே, அதே காரணம். துளியின் விளிம்பு தாளைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. நீர் அங்கேதான் வேகமாக ஆவியாகிறது. போன நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவரும்போது நிறத்துகளையும் இழுத்து வந்து ஓரத்தில் சேர்க்கிறது. 1997-இல் நேச்சர் இதழில் இதை விளக்கி ஒரு கட்டுரை வந்தது. இந்த ஓரத்துக்கும் நமக்கு ஒரு சொல் வேண்டும். "ஓரத்திரட்சி" எப்படி?

---

நசீமா எழுதியது:

இதே பிரச்சினைதான் எனக்கும். அப்பாவின் பழைய படம் ஒன்றை மலர்விழி அக்கா சொன்னபடியே செய்தேன். Feather 40 கொடுத்ததும் காதும் கன்னமும் சுவரோடு கலந்துவிட்டன. எந்த ஃபில்டர் போட்டால் முகம் திரும்ப வரும்? என் படம் 800 பிக்சல் அகலம்தான்.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லலாமா? நான் தையல் வேலை செய்கிறவள். எங்களுக்குக் "கரை" என்றால் புடவைக் கரை. துணியிலேயே அழுத்தமாகத் தெரிகிற இடம் அது. "ஓரம் கரை" என்று மெனுவில் பார்த்தால், ஓரத்தில் பட்டை வைக்கச் சொல்கிறது என்றுதான் நான் நினைப்பேன்.

---

மலர்விழி எழுதியது:

நசீமா, ஃபில்டர் எதுவும் வேண்டாம். அந்த அடுக்கை நீக்கிவிட்டு மூலப்படத்திலிருந்து மறுபடி செய்யுங்கள். 40 என்பது என் 3000 பிக்சல் படத்துக்கு. உங்கள் படத்துக்கு அதே விகிதத்தில் 10 அல்லது 11 வரும், முகத்துக்கு அதுவும் அதிகம். செய்முறையில் எண்ணை மட்டும் எழுதியது என் தவறு, படத்தின் அகலத்தையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

கதிரேசன் ஐயா, ஓரத்திரட்சியை கிம்ப்பில் எப்படிக் கொண்டுவருவது? Border போட்டுப் பார்த்தேன். கோடு ஓரத்தின் இரண்டு பக்கமும் விழுந்து, பேனாவால் சுற்றி வரைந்ததுபோல் இருக்கிறது.

---

கதிரேசன் எழுதியது:

Border எல்லைக்கு வெளியேயும் போகும், அதனால்தான் பேனாக்கோடு. நிறம் உள்ளேயிருந்துதான் ஓரத்துக்கு வருகிறது. ஆகவே வெளிப்பக்கம் வெட்டாகவும் உட்பக்கம் கரைந்தும் இருக்க வேண்டும்.

பேத்தியின் நீலப் பாவாடையை எடுத்துக்கொள்வோம். அதைத் தெரிவு செய்யுங்கள், Feather வேண்டாம். ஒளிபுகும் புதிய அடுக்கு ஒன்று திறந்து, பெருக்கல் முறையில் வைத்து, பாவாடையின் அதே நீலத்தால் நிரப்புங்கள். பாவாடை முழுதும் இருண்டுவிடும், கவலைப்படாதீர்கள். இப்போது தெரிவை Shrink மூலம் 8 பிக்சல் சுருக்கி, அதற்கு Feather 12 கொடுத்து, Delete விசையை அழுத்துங்கள். நடுவில் உள்ள நீலம் போய்விடும், ஓரத்தில் ஒரு மெல்லிய திரட்சி மட்டும் உள்நோக்கி மெலிந்தபடி நிற்கும். அடுக்கின் ஒளிபுகாமையை 30 விழுக்காட்டுக்கு இறக்கினால் போதும்.

கவனியுங்கள், அழுத்தமான ஓரத்தை உண்டாக்கவே இங்கே Feather தேவைப்பட்டது. "ஓரம் மென்மையாக்கல்" என்று பெயர் வைத்திருந்தால் இந்த இடத்தில் அந்தச் சொல் பொய்யாகியிருக்கும். கருவியின் பெயர் அது செய்கிற செயலைச் சொல்ல வேண்டும். நாம் அதை வைத்துப் பெறுகிற விளைவு ஒவ்வோரிடத்திலும் வேறாக இருக்கும்.

எல்லா உருவத்தையும் சுற்றி இதைச் செய்துவிடாதீர்கள். செய்தால் நிறம் தீட்டும் புத்தகம்போல் ஆகிவிடும்.

நசீமா அம்மா சொன்ன புடவைக் கரை எனக்குத் தோன்றவே இல்லை. வலுவான மறுப்பு. "இளக்கு" பொருந்துமா? ஓரம் இளக்கு, ஓர இளக்கம்.

---

சரவணன் எழுதியது:

சரி, மங்கலை விட்டுவிடுகிறேன். ஆனால் இளக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. இளகுவது கெட்டியாக இருந்தது நெகிழ்வது, மெழுகு மாதிரி. அதில் படிப்படியாக இல்லாமல் போவது என்ற பொருள் வரவில்லை. கரைவதில் அது இருக்கிறது. "ஓரம் கரை" குழப்பினால் "ஓரத்தைக் கரை" என்று வேற்றுமை உருபோடு எழுதுங்கள். உருபு வந்துவிட்டால் அது வினை என்று தெரிந்துவிடும்.

தாள் அடுக்கைப் பற்றி ஒரு கேள்வி. பாட்டியின் வெள்ளை முடியிலும் சுவரிலும் சொரசொரப்பு நன்றாகத் தெரிகிறது. பிள்ளைகளின் கருப்பு முடியில் அடியோடு இல்லை. ஸ்கேன் சரியில்லையா?

---

கதிரேசன் எழுதியது:

ஸ்கேன் நன்றாகத்தான் இருக்கிறது. பெருக்கலின் இயல்பு அது. வெள்ளையை 1 என்றும் கருப்பை 0 என்றும் கொள்ளுங்கள். தாளின் ஒரு பள்ளம் 0.9 என்றால், சுவரில் 0.8 ஆக இருந்தது 0.72 ஆகிறது, கண்ணுக்குத் தெரிகிற இறக்கம். முடியில் 0.1 ஆக இருந்தது 0.09 ஆகிறது, யாருக்கும் தெரியாது. உண்மையான ஓவியத்தில் இது ஏறக்குறைய தலைகீழ். நிறத்துகள் தாளின் பள்ளங்களில் போய் உட்காருவதால், நிறம் இருக்கிற இடத்தில்தான் பொரிப்பொரியாகத் தெரியும். வெறுந்தாள் சும்மா இருக்கும்.

பெருக்கல் அடுக்கை மெல்லியதாக்கிவிட்டு, தாளின் இன்னொரு படியை நடுச்சாம்பலுக்குக் கொண்டுவந்து Grain merge முறையில் வையுங்கள். அது பெருக்காமல் கூட்டுகிறது, ஆகவே இருண்ட இடத்திலும் அதே அளவு தெரியும். வெள்ளைச் சுவருக்கு அடுக்கு மறைப்பால் அதைத் தடுத்துவிடலாம். முகத்தின்மேல் மட்டும் கவனம்: தாளின் பொரி கண்ணின் கருவிழி அளவுக்குப் பெரிதாக இருந்தால் தோலில் தழும்பு விழுந்ததுபோல் ஆகிவிடும். ஸ்கேனைச் சிறிதாக்குங்கள்.

---

மலர்விழி எழுதியது:

இரண்டு நாளாக இதோடுதான் இருக்கிறேன். பாவாடைக்கும் பேரனின் சட்டைக்கும் ஓரத்திரட்சி கொடுத்தேன். பாட்டியின் வெள்ளை முடி சுவரைத் தொடுகிற இடத்தில் மட்டும் Feather 40 அப்படியே இருக்கிறது. முடி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை, அங்கே அதுதான் அழகாக இருக்கிறது. முகங்களில் Feather 4-க்கு மேல் போகவில்லை. கண்களும் வாயும் மூலப்படத்திலிருந்தே, ஒரு மறைப்பு வழியாக.

"ஓரத்திரட்சி"க்கு யாரும் மறுப்புச் சொல்லாததால் செய்முறையில் சேர்த்துவிட்டேன். மெனுக் கோப்பில் இப்போதைக்கு இப்படி:

```
msgid "Feather Selection"
msgstr "தெரிவின் ஓரத்தைக் கரை"
```

நசீமா, உருபு வந்த பிறகும் புடவைக் கரைதான் நினைவுக்கு வருகிறதா?

---

நசீமா எழுதியது:

இப்போது வரவில்லை அக்கா, வாசித்ததும் புரிகிறது. ஆனால் செய்முறையில் தலைப்பாக "ஓரக்கரைவு" என்று போட்டிருக்கிறீர்களே, அதை முதலில் "ஓரக்கரை" என்றுதான் படித்தேன். அப்பா படம் 6-இல் சரியாக வந்தது. மீசையின் ஓரத்துக்கு எதுவும் கொடுக்கவில்லை.