ஒரே படம் மூன்று அளவில் கிடக்கிறது, எதை வைப்பது, எதை அழிப்பது?

நடுநிசித்திரை:
வீட்டு சர்வரில் இருக்கும் 8 டெராபைட் டிஸ்க் நிரம்பிவிட்டது. சுமார் 70 படங்கள் 2160p எனும் 4கே, 1080p, 720p என்று மும்மூன்று கோப்புகளாகக் கிடக்கின்றன. எல்லாம் நான் வாங்கிய டிஸ்க்குகளிலிருந்து வெவ்வேறு சமயத்தில் எடுத்தவை. உதாரணத்துக்கு 140 நிமிடப் படம் ஒன்று: 58 ஜிபி, 9 ஜிபி, 3.5 ஜிபி. சர்வர் ஒரு பழைய கம்ப்யூட்டர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, டிவிக்கும் போனுக்கும் படங்களை அனுப்ப ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் ஓடுகிறது. ஹாலில் 4கே டிவி, அம்மா அறையில் பழைய எச்டி டிவி, அப்புறம் எல்லார் கையிலும் போன். பெரியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிடலாமா?

ஒற்றைக்கோப்பு:
தாராளமாக அழியுங்கள். பெரியதிலிருந்து சிறியதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், சிறியதிலிருந்து பெரியது ஒருநாளும் வராது. அம்மா டிவிக்கு வேண்டிய அளவில் சர்வரே ஓடும்போதே மாற்றிக் கொடுக்கும், அதற்காகத்தானே சர்வர் வைத்திருக்கிறோம். ஒரு படத்துக்கு ஒரு கோப்பு என்று இருந்தால்தான் நூலகம் நூலகமாக இருக்கும்.

நிழற்படக்காரி:
நடுநிசி, அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை செய்துவிடுங்கள். அந்த 58 ஜிபி கோப்பை அம்மா அறை டிவியில் போட்டுப் பாருங்கள். அதே நேரம் ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் Transcoding என்று காட்டுகிறதா என்று கவனியுங்கள். காட்டினால் மாற்றும் வேலையைச் செய்யும் எஃப்எஃப்எம்பெக்கின் பதிவுக் கோப்பைத் திறந்து, வரிகளில் `speed=` என்று வரும் எண்ணைப் பாருங்கள். அது 1x-க்குக் கீழே போனால், படம் ஓடும் வேகத்துக்குச் சர்வரால் மாற்ற முடியவில்லை என்று அர்த்தம், கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்.

கிராபிக்ஸ் உதவி இல்லாத பழைய கம்ப்யூட்டரில் அப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அங்கே நடப்பது வெறும் அளவைச் சுருக்குவது இல்லை. 4கே டிஸ்க் என்றால் பெரும்பாலும் எச்டிஆர், வெளிச்சமும் நிறமும் அதிக வீச்சில் பதிந்த படம். பழைய டிவிக்கு அந்த வெளிச்ச அளவே தெரியாது. அதனால் ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்து, எச்டிஆர் வெளிச்சத்தைச் சாதாரண வீச்சான எஸ்டிஆருக்குள் அடக்கி, அப்புறம் மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். நடுவில் இருக்கும் டோன் மேப்பிங் வேலை நடக்காவிட்டால் படம் சாம்பல் பூசியது போல வெளுத்துத் தெரியும். உங்கள் கோப்பு எச்டிஆர்தானா என்று இதில் தெரிந்துவிடும்:

```
ffprobe -v error -select_streams v:0 \
  -show_entries stream=width,height,color_transfer \
  -of default=nw=1 film.mkv
```

`color_transfer=smpte2084` என்று வந்தால் எச்டிஆர். `bt709` என்றால் சாதாரண எஸ்டிஆர்.

ஒற்றைக்கோப்பு:
சரி, அவர் கம்ப்யூட்டர் பழசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கம்ப்யூட்டரின் குறை. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ஓரளவு புதிய இன்டெல் ப்ராசசர் ஒன்று போட்டால் டோன் மேப்பிங் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நாளைக்கே மாற்றப்போகும் ஒரு கம்ப்யூட்டருக்காக 70 படங்களை இரண்டு தடவை வைத்திருப்பதா?

நிழற்படக்காரி:
புதிய ப்ராசசர் வேகப் பிரச்சினையைத் தீர்க்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் முதலில் சொன்ன வாக்கியத்தில்தான் எனக்குச் சிக்கல். "பெரியதிலிருந்து சிறியதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்" என்பது 1080p-யிலிருந்து 720p செய்வதற்கு முழுக்கச் சரி. 4கே எச்டிஆரிலிருந்து 1080p எஸ்டிஆர் செய்வதற்குச் சரியில்லை.

டிஸ்க்கில் வரும் 1080p பெரும்பாலும் 4கே-யின் சின்னப் பிரதி கிடையாது. எஸ்டிஆர் திரைக்கென்று ஒரு கலரிஸ்ட் உட்கார்ந்து, இந்த ஜன்னல் எவ்வளவு வெளுக்கலாம், இந்த முகம் நிழலில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று பார்த்துச் செய்த தனி வேலை அது. எச்டிஆர் இன்னொரு வேலை. டோன் மேப்பிங் என்பது ஒரு கணக்கு, பிரகாசமான இடங்களை ஒரு வளைவில் போட்டு மடக்கும். பல காட்சிகளில் நன்றாகவே வரும், ஆனால் மெழுகுவர்த்தி வெளிச்சக் காட்சி, பனி, சூரியன் நேராகத் தெரியும் காட்சி இதிலெல்லாம் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அந்த 9 ஜிபி-யை அழித்தால், 58 ஜிபி கையில் இருந்தும் அதை மறுபடி உண்டாக்க முடியாது. டிஸ்க்கைத் தேடி எடுத்து மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

720p மட்டும் உண்மையிலேயே பிரதி. அதை அழிக்கலாம்.

பெட்டிநிறையடிஸ்க்:
எதை அழித்தாலும் ஓடும் நேரத்தைப் பார்க்காமல் அழிக்காதீர்கள், நான் பட்டவன். ஒரே படம்தான் என்று நினைத்து சிறிய கோப்பை அழித்தேன். பெரியது 4கே வெளியீட்டுக்கென்று நீட்டித்த பதிப்பு, அழித்ததுதான் தியேட்டரில் வந்த பதிப்பு. அது 11 நிமிடம் குறைவு, எனக்குப் பிடித்த முடிவு அதில்தான் இருந்தது. டைரக்டர் பேசும் ஆடியோவும் அந்தப் பழைய டிஸ்க்கில் மட்டும்தான் இருந்திருக்கிறது. டிஸ்க்கை அப்போதே யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

நடுநிசித்திரை:
நான் கேட்டது ஒரே பதிப்பின் மூன்று அளவுகளைப் பற்றித்தான். ஆனாலும் இதைச் சொன்னது நல்லதாயிற்று, ஆடியோ டிராக்கை நான் ஒரு படத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

நிழற்படக்காரி:
பாருங்கள். நேரம் சில நொடிகள் மாறினால் முன்னால் வரும் நிறுவன முத்திரையாக இருக்கும். நிமிடக் கணக்கில் மாறினால் வேறு பதிப்பு. சரியாக 4 சதவீதம் போலக் குறைந்தால், 24 ஃபிரேம் படத்தை 25-ஆக ஓட்டிய, PAL என்ற பழைய டிவி முறை நகல், அதை யோசிக்காமல் அழிக்கலாம்.

எளியதிரை:
நான் எதிர்ப்பக்கம். கணக்கைப் போட்டுப் பாருங்கள் நடுநிசி. உதாரணப் படத்தின் அளவையே சராசரியாக வைத்தால், 70 படத்தின் 720p எல்லாம் சேர்த்து 245 ஜிபி. 1080p எல்லாம் சேர்த்து 630 ஜிபி. இரண்டையும் அழித்தாலும் 875 ஜிபிதான் கிடைக்கும். 4கே மட்டும் 4 டெராபைட்டுக்கு மேல். டிஸ்க்கை நிரப்பியது எது என்று தெரிகிறதல்லவா? பதினைந்து 4கே கோப்புகளை எடுத்தாலே, நீங்கள் மொத்தமாக 140 கோப்புகளை அழித்துக் கிடைக்கும் இடம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

2000-களிலும் அதற்குப் பிறகும் வந்த டிஜிட்டல் படங்களில் நிறைய 2கே-யில் முடித்தவை. கேமரா என்னவாக இருந்தாலும் கடைசி மாஸ்டர் 2கே, அதாவது ஏறக்குறைய 1080p அளவு. அதைப் பெரிதாக்கித்தான் 4கே டிஸ்க்கில் போடுகிறார்கள். அப்படிப்பட்ட படத்துக்கு 58 ஜிபி எதற்கு? 1080p போதும்.

ஒற்றைக்கோப்பு:
எச்டிஆர் இருக்கிறதே. 2கே மாஸ்டராக இருந்தாலும் வெளிச்சமும் நிறமும் 4கே டிஸ்க்கில்தான் முழுதாக வரும். அதைத் தூக்கிப்போடுவது எனக்கு மனசு வராது.

நிழற்படக்காரி:
இதில் ஒற்றைக்கோப்பு சொல்வதுதான் சரி, எளியதிரை போட்ட கணக்கும் சரி. அதனால் படத்துக்குப் படம் முடிவு மாறும். 35 எம்எம் ஃபிலிமில் எடுத்து நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்த படம் என்றால் நுணுக்கமும் கூடும், எச்டிஆரும் கிடைக்கும், அதை வையுங்கள். 2கே-யில் முடித்த, பெரும்பாலும் அறைக்குள் பேசிக்கொண்டே போகும் படம் என்றால் 4கே-யை அழித்தாலும் பெரிய இழப்பில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரே நொடியில் இரண்டு கோப்பிலிருந்தும் ஒரு ஃபிரேம் எடுத்து, 1080p-யை 4கே அளவுக்குப் பெரிதாக்கி மாற்றி மாற்றிப் பாருங்கள். தலைமுடி, துணியின் நெசவு, தூரத்து எழுத்து, இந்த மூன்றில் வித்தியாசம் இல்லையென்றால் அந்தப் படத்தில் கூடுதல் நுணுக்கம் இல்லை.

இன்னொன்று. ஹால் டிவியிலேயே 4கே தடுமாறுகிறதா? லேன் கேபிள் போட்டிருக்கிறீர்களா?

நடுநிசித்திரை:
ஆமாம், சண்டைக் காட்சிகளில் மட்டும் நின்று நின்று ஓடும். டிஸ்க் நிரம்பியதால் என்று நினைத்தேன். ரவுட்டர் கிகாபிட்தான்.

நிழற்படக்காரி:
ரவுட்டர் கிகாபிட்டாக இருந்தாலும் பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 மெகாபிட்தான். உங்கள் 58 ஜிபி படம் சராசரியாக நொடிக்கு 55 மெகாபிட், அது தாராளமாகப் போகும். ஆனால் சண்டை, மழை, தூசி என்று திரை முழுக்க அசையும் இடத்தில் 100-ஐத் தாண்டித் துள்ளும், அப்போதுதான் நிற்கிறது. கேபிளை உருவிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பாருங்கள், ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் பல டிவிகளில் கேபிளைவிட நன்றாகப் போகும். இதைச் சரிபார்க்காமல் 4கே கோப்பைக் குற்றம் சொல்லி அழித்துவிடாதீர்கள்.

எளியதிரை:
சரி, இரண்டையும் வைத்தால் அம்மா எப்படித் தேர்ந்தெடுப்பார்? ஜெல்லிஃபின் ஒரே ஃபோல்டரில் `- 2160p`, `- 1080p` என்று இருந்தால் இரண்டையும் ஒரே படமாகச் சேர்த்து, பெரியதைத்தான் முதலில் நிறுத்தும். அம்மா பிளே அழுத்தினால் 4கே ஓடும், சர்வர் மூச்சு வாங்கும்.

நிழற்படக்காரி:
அதனால்தான் சேர்க்கக் கூடாது. 4கே-க்குத் தனி நூலகம் ஒன்று உண்டாக்கி, அதை ஹால் டிவி கணக்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். அம்மா கணக்கிலும் போன் கணக்குகளிலும் 1080p நூலகம் மட்டும் தெரியட்டும். வெளியூரிலிருந்து போனில் பார்க்கும்போது வீட்டு இணைப்பின் அப்லோடு போதாவிட்டால், 1080p எஸ்டிஆரைச் சுருக்குவது உங்கள் பழைய கம்ப்யூட்டருக்கும் முடிகிற வேலைதான், அதற்காக 720p வேண்டாம்.

நடுநிசித்திரை:
சோதனை செய்துவிட்டேன். அம்மா டிவியில் `speed=0.31x`. ஹாலில் வைஃபைக்கு மாற்றியதும் சண்டைக் காட்சி நிற்காமல் ஓடியது. 720p எல்லாவற்றையும் இன்றே அழிக்கிறேன். 4கே-யில் முதல் 20 படங்களுக்கு ஃபிரேம் எடுத்துப் பார்த்தேன், 13-இல் எனக்கு நுணுக்க வித்தியாசம் தெரியவில்லை. அதில் 9 அறைக்குள்ளேயே நடக்கும் படங்கள், அவற்றின் 4கே போகும், அதுவே அரை டெராபைட் வரும். மீதி 4-ஐ எச்டிஆருக்காக வைக்கிறேன். ஒரு பழைய படத்தில்தான் குழப்பம், 4கே-யில் ஃபிலிம் கிரெய்னை முழுக்கத் துடைத்து முகமெல்லாம் மெழுகு போல இருக்கிறது, 1080p உயிரோடு இருக்கிறது. ஆனால் 4கே-யில் இருட்டுக் காட்சிகள் நன்றாகத் தெரிகின்றன.

எளியதிரை:
கிரெய்ன் இருப்பதை வையுங்கள். துடைத்தது திரும்ப வராது.

ஒற்றைக்கோப்பு:
இருட்டுக் காட்சி நிறைய இருக்கும் படமென்றால் நான் 4கே-தான் வைப்பேன். இதில் மட்டும் என் மனசு மாறாது.

நிழற்படக்காரி:
எந்த அறையில் எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இரண்டிலும் அதே இருபது நிமிடத்தைப் பாருங்கள் நடுநிசி, அதுவரை அந்த ஒரு படத்துக்கு 67 ஜிபி இருக்கட்டும்.