சேமிப்புக் கணக்கு வட்டி: நாள் இருப்பை வைத்து நாமே சரிபார்த்த அனுபவங்கள்

மலர், கும்பகோணம்

அப்பாவின் சேமிப்புக் கணக்கில் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கு ஜூன் 30 அன்று 862 ரூபாய் வட்டி வரவு வைத்திருக்கிறார்கள். நான் போட்ட கணக்கில் 884 வருகிறது. 22 ரூபாய்தான் வித்தியாசம் என்று அப்பா விட்டுவிடச் சொல்கிறார். எங்கிருந்து வந்த வித்தியாசம் என்று தெரிந்தே ஆக வேண்டும் எனக்கு. இப்படிச் சரிபார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கணக்கில் நடமாட்டம் குறைவு. ஏப்ரல் 1 முதல் 15 வரை 40,000 இருந்தது. 16ஆம் தேதி சீட்டுப் பணம் 1,60,000க்கு செக் போட்டோம், இருப்பு 2,00,000 ஆனது. மே 20 அன்று தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு 1,20,000 போனது. அதன் பிறகு ஜூன் 30 வரை 80,000. வட்டி 3% என்று ஏப்ரலில் கிளையில் ஒட்டியிருந்தார்கள். 15 நாள், 34 நாள், 42 நாள், மொத்தம் 91 நாள். இருப்பை நாட்களால் பெருக்கிக் கூட்டினால் 1,07,60,000. அதை 3ஆல் பெருக்கி 36,500ஆல் வகுத்தால் 884.38.

தஞ்சைப் பெரியவர்

அம்மா, உங்கள் கணக்கு முறையே வேறு. 10ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. உங்களுக்கு ஏப்ரலில் 40,000, மேயில் 80,000, ஜூனில் 80,000. மூன்றையும் கூட்டினால் 2 லட்சம், அதற்கு ஒரு மாத வட்டி 500 ரூபாய். வங்கி உங்களுக்குக் கூடுதலாகவே கொடுத்திருக்கிறது. நான் 30 வருடமாகப் பாஸ்புக்கில் இப்படித்தான் பார்க்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

கவுன்டர் நம்பர் 3 (வங்கியில் ஓய்வு பெற்றவன்)

பெரியவர் சொல்வது வங்கிகளில் முன்பு இருந்த முறை. 2010 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிக வங்கிகளும் அன்றாட இருப்புக்குத்தான் வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றிவிட்டது. ஐயா, உங்கள் பாஸ்புக் தபால் நிலையத்தினுடையதா? அங்கே இன்றும் 10ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரையிலான குறைந்த இருப்புதான் கணக்கு, வட்டியும் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும்.

மலரம்மா, முறை சரியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது நிற்கிற தொகைதான் அந்த நாளின் இருப்பு. அதனால் பணம் போட்ட நாளுக்கு வட்டி உண்டு, எடுத்த நாளுக்கு எடுத்த தொகைக்கு இல்லை. மே 20ஐ நீங்கள் 80,000 பக்கம் வைத்தது சரியே.

இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வட்டி விகிதம். 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 6 சதவீதத்திலிருந்து 5.5க்குக் குறைத்தது, அதையொட்டிப் பல வங்கிகள் சேமிப்பு வட்டியையும் குறைத்தன. 2011 அக்டோபர் 25 முதல் சேமிப்பு வட்டியை அந்தந்த வங்கியே முடிவு செய்கிறது. வைப்பு நிதிபோல முதலில் சொன்ன விகிதம் கடைசி வரை நிற்காது, மாற்றிய நாளிலிருந்து புது விகிதம்தான். உங்கள் வங்கித் தளத்தில் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று போட்டிருப்பார்கள்.

இரண்டாவது, அந்த செக். பாஸ்புக்கை விடுங்கள், அதில் பெரும்பாலும் ஒரே தேதிதான் அச்சாகும். இணைய வங்கியில் ஸ்டேட்மென்ட் எடுங்கள். Txn Date, Value Date என்று இரண்டு தேதி இருந்தால் வட்டிக்குக் கணக்கு இரண்டாவதுதான்.

தஞ்சைப் பெரியவர்

ஆமாம், தபால் நிலையம்தான். பென்ஷன் வருவது வங்கியில், ஆனால் அந்த வட்டியை நான் பார்த்ததே இல்லை. அதையும் ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன்.

பிரேம், ஓசூர்

எனக்கும் இதே பிரச்சினைதான், இதைவிடப் பெரியது. சம்பளக் கணக்கில் மூன்று மாதமும் 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தது. 3 சதவீதத்துக்கு 2,244 வர வேண்டும், வந்தது 187! டிடிஎஸ் பிடித்துவிட்டார்களா?

கவுன்டர் நம்பர் 3

தம்பி, சேமிப்புக் கணக்கு வட்டிக்கு டிடிஎஸ் கிடையாது. 187ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 25,000 ரூபாய் 91 நாள் 3 சதவீதத்தில் இருந்தால் 186.99. உங்கள் கணக்கில் 25,000க்கு மேல் உள்ளதெல்லாம் தானாக வைப்பு நிதிக்குப் போகும் ஆட்டோ ஸ்வீப் வசதி இருக்கும். செயலியில் இரண்டையும் கூட்டி ஒரே இருப்பாகக் காட்டுவார்கள். ஸ்டேட்மென்டில் Sweep என்ற வரிகளைத் தேடுங்கள். அந்த வைப்புப் பணத்துக்குத் தனி வட்டி, தனித் தேதி. டிடிஎஸ் பேச்சு வந்தால் அங்கேதான் வரும்.

பிரேம், ஓசூர்

இருக்கிறது சார், சேர்ந்த முதல் வாரமே ஸ்வீப் போட்டிருக்கிறார்கள். ஆனால் நடுவில் 70,000 எடுத்தபோது எந்த வைப்பை உடைத்தார்கள், அதற்கு என்ன வட்டி கொடுத்தார்கள் என்பது ஸ்டேட்மென்டில் இல்லை. கிளையில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

மலர், கும்பகோணம்

ஐயா சொன்ன இரண்டுமே இருந்தன. ஜூன் 15 முதல் விகிதம் 2.75% ஆகியிருக்கிறது. செக்குக்கு Txn Date ஏப்ரல் 16, Value Date ஏப்ரல் 17. அதனால் வரிசைகளை மாற்றினேன்:

40,000 ரூபாய் 16 நாள், 3%
2,00,000 ரூபாய் 33 நாள், 3%
80,000 ரூபாய் 26 நாள் (மே 20 முதல் ஜூன் 14 வரை), 3%
80,000 ரூபாய் 16 நாள் (ஜூன் 15 முதல் 30 வரை), 2.75%

எக்செல்லில் B பத்தியில் இருப்பு, C பத்தியில் நாட்கள், D பத்தியில் விகிதத்தை % குறி இல்லாமல் 3, 2.75 என்று வைத்து இதைப் போட்டேன்:

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5,D2:D5)/36500
```

862.47 வந்தது. ரூபாய்க்கு முழுமையாக்கினால் 862. விகிதம் மாறியதில் 8 ரூபாய் 77 காசு, செக்கின் ஒரு நாளில் 13 ரூபாய் 15 காசு. அந்த 22 ரூபாய் இப்படித்தான் பிரிகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். செக்கை 16ஆம் தேதி காலையிலேயே கொடுத்தோம், பாஸ்புக்கிலும் அந்தத் தேதியில்தான் ஏறியிருக்கிறது. பிறகு ஒரு நாள் வட்டியை விடுவது நியாயமா?

கவுன்டர் நம்பர் 3

அந்தச் செக் வேறு வங்கியுடையது என்றால், கிளியரிங்கில் பணம் உங்கள் வங்கியின் கைக்கு வந்தது 17ஆம் தேதி. 16ஆம் தேதி பதிவானது வரும் என்ற குறிப்புதான், அதை எடுக்கவும் முடிந்திருக்காது. அதனால் இதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் கவுன்டரில் ரொக்கம் கட்டி அதற்கு மறுநாள் Value Date போட்டிருந்தால் ரசீதோடு போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. தினமும் வரும் வட்டியை ரூபாய்க்கு முழுமையாக்காதீர்கள். முழுமையாக்குவது வரவு வைக்கும்போது ஒரே ஒரு தடவைதான். 80,000க்கு 3 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 6 ரூபாய் 58 காசு. அதை 7 என்று வைத்துக் கூட்டிக்கொண்டே போனால் 26 நாளில் 11 ரூபாய் ஏறிவிடும். எக்செல்லில் ஒவ்வொரு வரியிலும் ROUND போடுபவர்கள் இப்படித்தான் கிளைக்கு வந்து நிற்பார்கள்.

சுபா, மதுரை

இந்த Value Date விஷயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கணக்கிலிருந்து நான் செய்யாத பரிவர்த்தனையில் 90,000 போனது. அன்றே புகார் கொடுத்துவிட்டேன். விசாரணை எல்லாம் முடிந்து 40 நாள் கழித்துப் பணம் திரும்பி வந்தது. வந்ததே போதும் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

காலாண்டு வட்டி வந்தபோது நாள் இருப்பை வைத்துப் போட்டுப் பார்த்தேன். வட்டி குறைவு. திரும்பி வந்த 90,000க்கு, வரவான நாளையே Value Date ஆகவும் வைத்திருந்தார்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை தெளிவாக இருக்கிறது: இப்படித் திருப்பித் தரும் தொகைக்கு, அந்தப் பரிவர்த்தனை நடந்த நாளையே Value Date ஆக வைக்க வேண்டும். வாடிக்கையாளர் தகவல் சொன்னதிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

90,000 × 40 × 3 ÷ 36,500 = 295.89. இந்தக் கணக்கு, ஸ்டேட்மென்ட், புகார் எண், சுற்றறிக்கையின் அந்தப் பத்தி, நான்கையும் சேர்த்துக் கிளைக்கு எழுதிக் கொடுத்தேன். முதலில் “கணினி போடும் வட்டி, நாங்கள் தொட முடியாது” என்றார்கள். வட்டியை மாற்றச் சொல்லவில்லை, தேதியைத்தான் திருத்தச் சொல்கிறேன் என்று நின்றேன். அடுத்த மாதம் 296 ரூபாய் தனி வரியாக வந்தது. வட்டி குறைவு என்று மொட்டையாகக் கேட்டிருந்தால் நடந்திருக்காது, எந்த வரியில் எந்தத் தேதி தவறு என்று காட்டியதால்தான் நடந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

கவுன்டர் நம்பர் 3

சுபா செய்ததுதான் சரியான வழி. கிளையில் வட்டியைக் கையால் மாற்ற யாரும் துணிய மாட்டார்கள், தணிக்கையில் கேள்வி வரும். தேதித் தவறு என்றால் திருத்துவதற்கு முறை இருக்கிறது.

ஜெகன்

2024 ஜனவரி–மார்ச் காலாண்டை யாராவது போட்டுப் பார்த்தீர்களா? லீப் வருடம், 91 நாள். என் கணக்கில் முழுக் காலாண்டும் 4 லட்சம் அசையாமல் இருந்தது, 3%. 36,500ஆல் வகுத்தால் 2,992, 36,600ஆல் வகுத்தால் 2,984. எனக்கு வந்தது 2,984. வேறு வங்கியில் இருக்கும் என் தங்கைக்கு 365தான் பொருந்துகிறது. எது விதி?

கவுன்டர் நம்பர் 3

நான் வேலை பார்த்த இடத்தில் 365தான் வைத்திருந்தோம். உங்கள் வங்கி 366 வைத்திருந்தால் அவர்களது வைப்புக் கொள்கை ஆவணத்தில் எழுதியிருக்க வேண்டும், தளத்தில் கிடைக்கும். எழுதாமல் செய்திருந்தால் கேட்கலாம்.

ஜெகன்

ஆவணத்தைப் பார்த்தேன். வைப்பு நிதிக்கு லீப் வருடத்தில் 366 என்று இருக்கிறது, சேமிப்புக் கணக்குப் பகுதியில் “அன்றாட இருப்பின்படி” என்பதோடு நிறுத்திவிட்டார்கள். எழுத்தில் கேட்டு அனுப்புகிறேன்.

மலர், கும்பகோணம்

ஜெகன், பதில் வந்தால் இங்கேயே போடுங்கள். அப்பா இப்போது ஜூலை–செப்டம்பர் காலாண்டையும் போடச் சொல்கிறார். 92 நாள், முழுக்க 2.75%, செக் எதுவும் இல்லை.