மாற்கு 1:2 பாடபேதக் குறிப்பு: கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்

மாற்கு 1:2-க்குத் தமிழில் பாடபேதக் குறிப்பு எழுதுகிறேன், ஓரிடத்தில் உதவி வேண்டும். சினாய், வத்திக்கான் சுவடிகளில் "ஏசாயா தீர்க்கதரிசியில்" என்றும், அலெக்சாந்திரியச் சுவடியிலும் பெரும்பாலான பிற்காலப் படிகளிலும் "தீர்க்கதரிசிகளில்" என்றும் இருக்கிறது. மேற்கோளின் முதல் பாதி மல்கியா 3:1-ஐ ஒட்டியது, ஏசாயா 40:3 அப்புறம்தான் வருகிறது; அதனால் எழுத்தர் யாரோ பன்மையாக்கித் திருத்தியிருப்பார், சரியானதைத் தவறாக்க யாருக்கும் காரணமில்லை என்று விளக்கிவிட்டேன்.

சிக்கல் பேசா எனப்படும் சுவடியில். அதிலும் ஏசாயாதான், ஆனால் பெயருக்கு முன் வரும் கிரேக்கச் சுட்டிடைச்சொல் இல்லை. தமிழில் இது தெரியவே தெரியாது. இதைத் தனிப் பாடமாகக் காட்டுவதா, ஏசாயா பாடத்தின் கிளையாக அடைப்புக்குறியில் போடுவதா? எனக்குக் கிளைதான் சரியெனப் படுகிறது. பதிப்பு வேலை செய்தவர்கள் எப்படிப் போடுவீர்கள்?