பில் இருக்க வேண்டும், கைபேசி எண் மட்டும் போக வேண்டும்: வழி உண்டா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய வெள்ளிக் கொலுசுக் கடை நடத்துகிறேன். விண்டோஸ் 10 கணினியில், இணையம் இல்லாமல் இயங்கும் பில்லிங் மென்பொருள். தினமும் பென் டிரைவில் காப்புப் பிரதி எடுக்கிறேன்.

2021 நவம்பரில் கொலுசு வாங்கிய ஓர் அம்மா, தன் எண்ணை நீக்கச் சொல்கிறார். நியாயம்தான், 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவை முடிந்த விவரத்தை அழிக்கத்தான் சொல்கிறது. ஆனால் வேறு சட்டம் வைக்கச் சொல்வதை வைத்திருக்கலாம். ஜிஎஸ்டி கணக்கை, ஆண்டறிக்கை தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2021-22க்கு அந்த நாள் 31.12.2022. ஆகவே அவருடைய பில் 31.12.2028 வரை இருந்தாக வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறைந்த சில்லறை பில்லில் அவர் பெயரே கட்டாயமில்லை, எண் எதற்கு?

வாட்ஸ்அப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வாடிக்கையாளர் கணக்கை அழிக்கப் போனால், பில் இருப்பதால் மென்பொருள் மறுக்கிறது. எண் கட்டத்தை மட்டும் காலியாக்கினால், பழைய பில்லை மறுபடி அச்சிடும்போது எண் அப்படியே வருகிறது. அது பில்லோடு தனியாகப் பதிவாகியிருக்கிறது போலும். பழைய காப்புப் பிரதியை மீட்டுப் பார்த்தேன்; காலியாக்கிய கட்டத்திலும் எண் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. விற்றவரைக் கேட்டால், புதிய பதிப்பு வாங்கச் சொல்கிறார். அதில் இது தீருமா என்றால் பதில் இல்லை.

பில் எண், தேதி, தொகை, வரி எதுவும் மாறாமல், பழைய பில்களிலும் காப்புப் பிரதிகளிலும் கைபேசி எண்ணை மட்டும் நீக்க நீங்கள் என்ன முறை வைத்திருக்கிறீர்கள்?