டேட்டா லீக்கேஜ்: 'தரவுக் கசிவு' பொருந்துமா?

மீனா:
வணக்கம். இயந்திரக் கற்றல் கையேட்டில் டேட்டா லீக்கேஜுக்குத் 'தரவுக் கசிவு' என்று போட்டிருந்தேன். திரும்பப் படித்தால் உறுத்துகிறது. செய்தி படிப்பவர்களுக்கு அது கடவுச்சொல் திருட்டு போவதைத்தான் நினைவூட்டும். இங்கே எதுவும் வெளியே போகவில்லை. சரிபார்ப்புக்கு ஒதுக்கிய பகுதியின் சாயல் பயிற்சிக்குள் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். வேறு சொல் உண்டா?

ராஜன்:
தரவுத்தளத்தைக் குறியாக்கம் செய்து, அணுகல் உரிமைகளை இறுக்கினால் கசிவு நின்றுவிடும். 'தரவுக் கசிவு' போதுமே?

மீனா:
ராஜன் சார், நீங்களும் அந்தப் பொருளில்தான் எடுத்துக்கொண்டீர்கள். என் கவலையே அதுதான்.

கதிர்:
'நகல் கலப்பு' என்று சொல்லலாம். ஒரே பதிவு இரண்டு பக்கமும் இருப்பதுதானே சிக்கல்? `drop_duplicates()` ஓட்டினால் தீர்ந்தது.

தேன்மொழி:
நகல் ஒரு வழி மட்டும்தான், கதிர். நான் மாட்டிக்கொண்டதில் ஒரு நகல்கூட இல்லை. 300 நோயாளிகள், ஆளுக்கு 4 எக்ஸ்ரே, மொத்தம் 1,200 படங்கள். படங்களைக் குலுக்கி 80:20 என்று பிரித்தேன். சரிபார்ப்பில் விழுந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆளின் மற்ற மூன்று படங்களும் பயிற்சிப் பக்கம் போகாமலிருக்க வாய்ப்பு ஏறத்தாழ 0.2 × 0.2 × 0.2, அதாவது நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆக, மாதிரிக்குக் கிட்டத்தட்ட எல்லாருமே பழகிய முகம். நோயைப் பார்க்காமல் விலா எலும்பின் அமைப்பை வைத்து ஆளை அடையாளம் கண்டாலே விடை சரியாகிவிடும். துல்லியம் 96% வந்தது. ஆள்வாரியாகப் பிரித்ததும் 81%.

```python
gss = GroupShuffleSplit(n_splits=1, test_size=0.2, random_state=7)
tr, va = next(gss.split(X, y, groups=pid))
assert not set(pid[tr]) & set(pid[va])
```

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படமும் எந்த நோயாளியுடையது என்று சொல்லும் `pid` ஒரு NumPy வரிசையாக இருக்க வேண்டும்.

சொல்லுக்கு வருவோம். 'உட்கசிவு' எப்படி? தரவு வெளியே போகவில்லை, உள்ளுக்குள்ளேயே ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கசிகிறது.

கதிர்:
சரி, நகலை விட்டுவிடுகிறேன். ஆனால் உட்கசிவு என்றால் உடம்புக்குள் ரத்தம் கசிவது போல இருக்கிறதே. மருத்துவப் படங்களைப் பற்றிய கட்டுரையில் குழப்பும். 'சோதனைக் கசிவு' என்றால்? வினாத்தாள் கசிவு எல்லோருக்கும் தெரியும்.

மீனா:
கேட்டதும் புரிகிறது. ஆனால் சரிபார்ப்புத் தொகுதி வேறு, சோதனைத் தொகுதி வேறு என்று முந்தைய அத்தியாயத்தில்தான் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவாக 'மதிப்பீட்டுக் கசிவு' என்று வைக்கலாமா?

அன்வர்:
என்னிடம் நோயாளிகளே இல்லை, ஒரே மோட்டாரின் அதிர்வுப் பதிவு. 10 நொடித் துண்டுகள், ஒவ்வொன்றும் முந்தையதோடு பாதி மேற்படிகிறது. ஆள்வாரியாகப் பிரிக்க வழியில்லை. நான் என்ன செய்வது?

தேன்மொழி:
குலுக்காதீர்கள், அன்வர். காலத்தை ஓரிடத்தில் வெட்டி, முன்பகுதியைப் பயிற்சிக்கு வையுங்கள். வெட்டின் மேல் விழும் துண்டுகளை எறிந்துவிடுங்கள். ஆனாலும் அதே மோட்டார்தானே, புதிய மோட்டாரில் எப்படி ஓடும் என்று அந்த எண் சொல்லாது.

மீனா, 'மதிப்பீட்டுக் கசிவு' எனக்குச் சம்மதம். மதிப்பீடே வெளியே கசிந்ததாக யாராவது படிப்பார்களோ என்பது மட்டும் இடிக்கிறது.

மீனா:
இந்த அத்தியாயத்தில் அதையே போட்டுப் பார்க்கிறேன். கதிர், வரைவைப் படித்துவிட்டு எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள்.